திருத்தச் சொல்லி ஓர் இ-மெயில்: வெப்சைட் டிராஃப்ட்டைத் திருப்பி அனுப்புவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. அடுத்ததாகப் பலர் செய்ய விரும்புவது, தங்கள் கடைக்கோ தொழிலுக்கோ ஒரு வெப்சைட் அமைப்பது. அதைப் பெரும்பாலும் நாமே செய்வதில்லை. வெப்சைட் செய்து தரும் ஒருவரிடம் ஒப்படைக்கிறோம். அவர் நம்மிடம் சில விவரங்களைக் கேட்டுக் கொள்வார். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் வர வேண்டிய வாசகங்களை எழுதி, வேர்ட் ஃபைலாக இ-மெயிலில் அனுப்புவார். "படித்துப் பார்த்து ஓகே சொல்லுங்கள்" என்பார். இந்த ஃபைலைத்தான் டிராஃப்ட் என்கிறோம்.

டிராஃப்ட்டில் தவறுகள் இருந்தால் என்ன செய்வது? திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஆனால் திருப்பி அனுப்பும் இ-மெயிலை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த டிராஃப்ட் சரியாக வருமா, அதே தவறுகளோடு வருமா என்பது அமையும். அந்த இ-மெயிலை எழுதும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் எண்ணெய் ஆலை

காங்கேயம் பக்கம் ஒரு சிறிய எண்ணெய் ஆலை இருப்பதாக வைத்துக் கொள்வோம். மரச்செக்கில் நல்லெண்ணெய் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். தீபாவளிக்கு முன் வெப்சைட் திறக்க வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள ஒருவரிடம் வேலை கொடுக்கப்பட்டுள்ளது. பேசிய தொகைக்குள் இரண்டு முறை திருத்தம் செய்து தருவார். மூன்றாவது முறை என்றால் தனிக் கட்டணம். இது இந்தத் தொழிலில் பலரும் வைக்கும் நிபந்தனைதான்.

முதல் டிராஃப்ட் வந்தது. அதில் இருந்த சில வரிகள் இவை:

"சர்க்கரை நோயையும் மூட்டு வலியையும் குணப்படுத்தும் செக்கு நல்லெண்ணெய்."

"எங்கள் எண்ணெய் மட்டுமே கொலஸ்ட்ரால் இல்லாதது."

"மாடு பூட்டிய செக்கில் ஆட்டப்பட்டது. எள்ளைத் தவிர வேறு எதுவும் சேர்க்கப்படுவதில்லை."

"1 லிட்டர் (1 கிலோ) விலை ரூ. 420 + வரி."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலையின் மேலாளருக்கு இந்த நான்கிலும் தவறு இருப்பது தெரிகிறது. அவசரத்தில் அவர் இப்படி ஒரு பதில் அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள்:

"டிராஃப்ட் பார்த்தேன். நிறையத் தப்பு இருக்கிறது. விளம்பரம் மாதிரி இருக்கிறது. சரி செய்து அனுப்புங்கள்."

இதைப் படிக்கும் வெப்சைட்காரர் என்ன செய்வார்? எது தப்பு என்று அவருக்குத் தெரியாது. எழுத்துப் பிழையைச் சொல்கிறாரோ என்று நினைத்து ஒற்றுப் பிழைகளைத் திருத்துவார். "விளம்பரம் மாதிரி" என்றதால் "அருமையான", "சிறந்த" போன்ற சொற்களை எடுத்து விடுவார். சர்க்கரை நோய் வரி அப்படியே இருக்கும். ஒரு கிலோவும் அப்படியே இருக்கும். இரண்டு திருத்தங்களில் ஒன்று வீணாகி விட்டது. தீபாவளிக்கு ஒரு வாரம் குறைந்தும் விட்டது.

அதே மேலாளர் எழுதியிருக்க வேண்டிய இ-மெயில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

மாதிரி இ-மெயில்

Subject: நல்லெண்ணெய் வெப்சைட், முதல் டிராஃப்ட்: 4 கட்டாயத் திருத்தங்கள், வியாழன் மாலைக்குள் தேவை

வணக்கம் சார்,

முதல் டிராஃப்ட்டைப் படித்தேன். பக்கங்களைப் பிரித்த விதமும், ஆர்டர் செய்யும் முறையை விளக்கிய பகுதியும் தெளிவாக உள்ளன. அவற்றை அப்படியே வைத்துக் கொள்ளலாம். கீழே உள்ள நான்கையும் மாற்றாமல் வெப்சைட்டைத் திறக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன். இதே தவறு நான் கவனிக்காத வேறு இடத்தில் இருந்தால் அங்கும் மாற்றி விடுங்கள்.

1. முகப்புப் பக்கம், முதல் வரி

இப்போது உள்ளது: "சர்க்கரை நோயையும் மூட்டு வலியையும் குணப்படுத்தும் செக்கு நல்லெண்ணெய்."

வர வேண்டியது: "மரச்செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். இட்லிப் பொடிக்கும், புளிக்குழம்புக்கும், ஊறுகாய்க்கும்."

காரணம்: நாம் விற்பது உணவுப் பொருள், மருந்து இல்லை. உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தணிக்கும், குணமாக்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகள் தடுக்கின்றன. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வெப்சைட்டில் வருவதையும் விளம்பரம் என்றே கணக்கில் எடுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வெளியிடுபவர் மட்டுமல்ல, வெளியிடுவதில் பங்கு கொள்பவரும் அதில் வருவார். இது போக இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தி விட்டால் அதற்கு நம்மால் பதில் சொல்ல முடியாது.

2. முகப்புப் பக்கம், மூன்றாவது பத்தி

இப்போது உள்ளது: "எங்கள் எண்ணெய் மட்டுமே கொலஸ்ட்ரால் இல்லாதது."

வர வேண்டியது: இந்த வரி முழுவதையும் எடுத்து விடவும்.

காரணம்: கொலஸ்ட்ரால் என்பது நெய், வெண்ணெய், இறைச்சி, முட்டை போன்ற விலங்குப் பொருள்களில் இருப்பது. கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை. எல்லோரிடமும் உள்ளதை நம்மிடம் மட்டும் இருப்பதாகச் சொன்னால் பக்கத்து ஆலைக்காரர் புகார் கொடுக்கலாம். இதற்குப் பதிலாக "இதயத்துக்கு இதம்" என்பது போல வேறு வரி எதையும் போட வேண்டாம். அப்படிப்பட்ட சொற்களும் எண்ணெய் லேபிள்களில் தடுக்கப்பட்டவைதான்.

3. "எங்கள் செக்கு" பக்கம், முதல் பத்தியும் படமும்

இப்போது உள்ளது: "மாடு பூட்டிய செக்கில் ஆட்டப்பட்டது. எள்ளைத் தவிர வேறு எதுவும் சேர்க்கப்படுவதில்லை."

வர வேண்டியது: "மோட்டாரில் ஓடும் வாகை மரச்செக்கில் ஆட்டப்பட்டது. எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறோம்."

காரணம்: எங்கள் செக்கு மரச்செக்குதான், ஆனால் அதைச் சுற்றுவது மோட்டார். நேரில் வந்து பார்ப்பவர்கள் மாட்டைத் தேடுவார்கள். எள் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது வழக்கம். எண்ணெய் பிண்ணாக்கிலிருந்து பிரிய அது உதவுகிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய் விடும். என்றாலும் சேர்ப்பதைச் சேர்க்கவில்லை என்று எழுதக் கூடாது. இந்த விவரம் உங்களிடம் இருந்திருக்க வாய்ப்பில்லை, அதனால் இப்போது தந்திருக்கிறேன். மாட்டுச் செக்குப் படத்தை எடுத்து விட்டு, இத்துடன் இணைத்துள்ள எங்கள் செக்கின் படத்தை வைக்கவும்.

4. பொருள்கள் பக்கம், விலைப் பட்டியல்

இப்போது உள்ளது: "1 லிட்டர் (1 கிலோ) விலை ரூ. 420 + வரி."

வர வேண்டியது: "1 லிட்டர் (910 கிராம்). அதிகபட்ச விற்பனை விலை ரூ. 420, அனைத்து வரிகளும் உட்பட."

காரணம்: ஒரு லிட்டர் தண்ணீர்தான் ஒரு கிலோ எடை. எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ என்று போட்டால், வீட்டில் நிறுத்துப் பார்ப்பவர் 90 கிராம் குறைகிறது என்பார். அவர் கேட்பது நியாயமாகவே இருக்கும். விலையைப் பொறுத்தவரை, பாட்டிலில் அச்சிட்டுள்ள ரூ. 420-ல் வரியும் அடக்கம். "+ வரி" என்றால் 5 சதவீதம் சேர்த்து ரூ. 441 ஆகும் என்று வாங்குபவர் கணக்குப் போடுவார். அச்சிட்ட விலைக்கு மேல் நாம் வாங்கவும் கூடாது.

சேர்க்க வேண்டியது: எல்லாப் பக்கங்களின் அடியிலும் எங்கள் முகவரி, 14 இலக்க உணவு உரிம எண், புகார் தெரிவிக்க வேண்டியவரின் பெயர், தொலைபேசி எண் ஆகியவை வர வேண்டும். இவை நான்கும் இணைத்துள்ள ஃபைலின் கடைசிப் பக்கத்தில் உள்ளன. அங்கிருந்து காப்பி செய்து கொள்ளலாம்.

உங்கள் விருப்பம்: "பாரம்பரியத்தின் மணம்" என்பதை விட "எள்ளின் மணம்" நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது கட்டாயம் இல்லை. நீங்கள் முடிவு செய்யலாம்.

இரண்டாவது டிராஃப்ட்டை வியாழன் மாலை 5 மணிக்குள் அனுப்பினால், வெள்ளிக்கிழமை காலையில் பார்த்துச் சொல்லி விடுவேன். 3-ஆவது திருத்தத்தில் சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள்.

நன்றி.
மேலாளர்

இணைப்பு: home-draft1-corrected.docx, chekku.jpg

இந்த இ-மெயிலில் என்ன இருக்கிறது?

நான்கு திருத்தங்களும் ஒரே அச்சில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதலில் இடம். அடுத்து இப்போது உள்ள வரி. பிறகு வர வேண்டிய வரி. கடைசியில் காரணம். இவற்றில் எதை விட்டாலும் ஒரு சிக்கல் வரும்.

இடத்தைச் சொல்லாவிட்டால் வெப்சைட்காரர் தேட வேண்டும். ஒரே மாதிரி வரி இரண்டு பக்கங்களில் இருந்தால் தவறான இடத்தில் மாற்றி விடுவார். வர வேண்டிய வரியை முழுதாக எழுதித் தராவிட்டால் அவரே ஒரு வரியை எழுதுவார். அது இன்னொரு தவறாக இருக்கலாம். "நோய் வரியை மாற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால், "சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது" என்று மாற்றி அனுப்புவார். சொற்கள் மாறியிருக்கும், தவறு மாறியிருக்காது.

வர வேண்டிய வரியை டைப் செய்தே அனுப்புங்கள். பேப்பரில் பிரின்ட் எடுத்து, பேனாவால் திருத்தி, போட்டோ பிடித்து அனுப்புபவர்கள் உண்டு. அதைப் பார்த்து அவர் மீண்டும் டைப் செய்யும்போது 910 என்பது 901 ஆகலாம். டைப் செய்த வரி என்றால் காப்பி செய்து ஒட்டி விடுவார். பிழைக்கு இடமில்லை.

காரணம் ஏன் முக்கியம்?

பணம் கொடுப்பவர் நாம். மாற்று என்றால் மாற்ற வேண்டியதுதானே, காரணம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். டிராஃப்ட் ஃபைலில் நாம் பார்ப்பது மட்டுமே வெப்சைட் இல்லை. வெப்சைட்காரர் நமக்குக் காட்டாத வாசகங்களும் அவரிடம் இருக்கும். பிரவுசரின் மேல் பட்டையில் தெரியும் தலைப்பு, கூகுளில் தேடும்போது வரும் இரண்டு வரி விளக்கம், படத்துக்குள்ளேயே எழுதப்பட்ட எழுத்துக்கள், ஆங்கிலப் பக்கம் ஆகியவை அவை. இவற்றை அவர் அதே டிராஃப்ட்டை வைத்துத்தான் தயாரித்திருப்பார்.

"முகப்பில் முதல் வரியை எடுத்து விடுங்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் அந்த ஒரு வரியை எடுப்பார். வெப்சைட்டின் உள்ளே இது அப்படியே இருக்கும்:

```html
<title>சர்க்கரை நோய்க்கு செக்கு நல்லெண்ணெய்</title>
<meta name="description" content="மூட்டு வலி குணமாக...">
```

இதில் முதல் வரி பக்கத்தின் தலைப்பு. இரண்டாவது வரி கூகுள் போன்ற தேடும் தளங்களுக்காக எழுதப்படும் விளக்கம். பக்கத்தைப் படிப்பவர் கண்ணில் இரண்டாவது வரி படவே படாது. ஆனால் கூகுளில் தேடுபவர் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். "உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று எங்கும் சொல்லக் கூடாது" என்ற காரணத்தைத் தெரிந்து கொண்டால், அவரே இந்த இடங்களுக்கும் போய் மாற்றி விடுவார். நமக்கு அந்த இடங்கள் இருப்பதே தெரிய வேண்டியதில்லை.

காரணம் சொல்வதில் இன்னொரு பயனும் உண்டு. வெப்சைட்காரர் இந்த வரிகளை ஏன் எழுதினார்? மற்ற எண்ணெய் வெப்சைட்களில் பார்த்திருப்பார். வாடிக்கையாளர் விரும்புவார் என்று நினைத்திருப்பார். எடுக்கச் சொன்னால், "எல்லோரும் போடுகிறார்களே" என்று பதில் வரும். காரணம் முதலிலேயே இருந்தால் இந்தப் பேச்சு வளராது.

காரணம் என்பது இரண்டு மூன்று வரிகளில் இருந்தால் போதும். சட்டத்தின் பிரிவுகளை எல்லாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். உரிமம் வாங்கித் தந்த ஆடிட்டரிடமோ, உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ ஒருமுறை கேட்டு விட்டு எழுதுவது நல்லது.

கட்டாயம் வேறு, விருப்பம் வேறு

மேலாளர் "எள்ளின் மணம்" என்ற தன் யோசனையை அந்த நான்கோடு சேர்க்காமல் தனியாக எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒன்றாக எழுதினால், வெப்சைட்காரருக்கு எல்லாமே ஒரே எடையாகத் தெரியும். மணத்தைப் பற்றி அவர் ஒரு மாற்றுக் கருத்து சொல்வார். நாம் பதில் சொல்வோம். நான்கு இ-மெயில்கள் போய் வந்த பிறகு 910 கிராம் மறந்து போயிருக்கும்.

அதேபோல, நாம் தர வேண்டிய விவரங்களும் தனியாக இருக்க வேண்டும். உரிம எண் அவருக்குத் தெரியாது. "உரிம எண் விடுபட்டுள்ளது" என்று மட்டும் எழுதி எண்ணைத் தராமல் விட்டால், அவர் அதைக் கேட்டுப் பதில் எழுதுவார். அதற்குள் ஒரு நாள் போய் விடும்.

வேர்ட் ஃபைலில் திருத்துவது

இ-மெயிலில் காரணம் இருக்கிறது. வேர்ட் ஃபைலில் திருத்தத்தின் இடம் இருக்க வேண்டும். அதற்கு வேர்டில் ஒரு வசதி உண்டு. நீங்கள் எதை அழித்தீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்பதை அது தனி நிறத்தில் காட்டும். செய்ய வேண்டியவை இவை:

1. இ-மெயிலில் வந்த ஃபைலை டவுன்லோட் செய்து திறங்கள். மேலே மஞ்சள் பட்டை தெரிந்தால், அதில் Enable Editing என்பதைக் க்ளிக் செய்யுங்கள். அதன் பிறகுதான் ஃபைலில் எழுத முடியும்.

2. File மெனுவில் Save As கொடுத்து வேறு பெயரில் சேமியுங்கள். மாதிரியில் home-draft1-corrected என்று பெயர் கொடுத்திருக்கிறோம். அவர் அனுப்பிய ஃபைல் மாறாமல் இருக்கும். பின்னால் ஒப்பிட அது தேவைப்படும்.

3. Review என்ற டேபைக் க்ளிக் செய்து, அதில் Track Changes என்பதை இயக்குங்கள். கீபோர்டில் Ctrl + Shift + E அழுத்தினாலும் போதும்.

4. இனி வழக்கம் போல அழித்து எழுதுங்கள். அழித்தது அடித்துக் காட்டப்படும். சேர்த்தது நிறத்தில், அடிக்கோட்டுடன் தெரியும்.

5. குறிப்பு எழுத வேண்டிய வரியைத் தேர்வு செய்து, அதே Review டேபில் New Comment க்ளிக் செய்யுங்கள். அதில் "இ-மெயிலில் 1-ஆவது திருத்தம் பார்க்கவும்" என்று எழுதினால் போதும். காரணத்தை இரண்டு இடங்களிலும் எழுத வேண்டியதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ் இருந்தால், Edit மெனுவில் Track Changes, அதனுள் Record என்பதைத் தேர்வு செய்யுங்கள். வேலை ஒன்றுதான்.

பலர் செய்யும் தவறு, மூன்றாவது படியை மறந்து விடுவது. அப்போது திருத்தங்கள் சாதாரண எழுத்தாகவே கலந்து விடும். வெப்சைட்காரர் ஏற்கெனவே பழைய வாசகங்களை டிசைனில் வைத்திருப்பார். புதிய ஃபைலில் எது மாறியது என்று அவருக்குத் தெரியாது. முழுதாகப் படித்து ஒப்பிட வேண்டும், அல்லது ஒன்றிரண்டை விட்டு விடுவார். அனுப்பும் முன் ஃபைலை ஒருமுறை திறந்து பாருங்கள். நிறத்தில் எழுத்துக்கள் தெரியாவிட்டால் நீங்கள் மறந்திருக்கலாம். கவலை வேண்டாம். Review டேபில் Compare என்று ஒன்று இருக்கிறது. அதில் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் கொடுத்தால், வித்தியாசங்களைக் காட்டும் மூன்றாவது டாகுமென்ட் ஒன்றை வேர்டே தயாரித்துத் தரும். அதைச் சேமித்து அனுப்புங்கள்.

அனுப்பும்போது அவர் அனுப்பிய இ-மெயிலைத் திறந்து Reply கொடுங்கள். புதிய இ-மெயிலாக எழுத வேண்டாம். Reply கொடுத்தால் டிராஃப்ட்டும் திருத்தமும் ஒரே தொடராக இருக்கும். பின்னால் தேட வசதி. ஃபைலையும் படத்தையும் முதலில் இணைத்து விட்டு, பிறகு எழுதத் தொடங்கினால், அட்டாச்மென்ட் இல்லாமல் அனுப்பும் தவறு நேராது.

இரண்டாவது டிராஃப்ட் வந்ததும்

வியாழக்கிழமை இரண்டாவது டிராஃப்ட் வருகிறது. இந்த முறை ஃபைலாக இல்லாமல், சோதனைக்காக வைத்த வெப்சைட்டின் முகவரியாகவும் வரலாம். முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய இ-மெயிலைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, எண் வாரியாக நான்கையும் சரிபாருங்கள்.

அடுத்து, தவறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரவுசரில் Ctrl + F அழுத்தினால் தேடும் பெட்டி வரும். இதில் தமிழில் தேடும்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். முழுச் சொல்லைக் கொடுக்கக் கூடாது. "குணப்படுத்தும்" என்று தேடினால் "குணமாகும்" என்பது சிக்காது. "குண" என்று மட்டும் கொடுத்தால் இரண்டும் சிக்கும். "குணம்", "குணங்கள்" போன்ற தேவையில்லாத சொற்களும் வரும், அவற்றைத் தாண்டிச் செல்லலாம். அதேபோல "நோ" என்று மட்டும் தேடுங்கள். "நீரிழிவு", "சுகர்" என்றும் தேடிப் பாருங்கள். ஒரே நோய்க்கு நம் மொழியில் பல பெயர்கள் இருக்கின்றன. பிறகு "கிலோ", "வரி". ஆங்கிலப் பக்கம் இருந்தால் அதில் cure, diabetes, kg என்று தேடுங்கள்.

இனி கண்ணுக்குத் தெரியாத பகுதி. பக்கத்தைத் திறந்து Ctrl + U அழுத்துங்கள். புரியாத குறிகள் நிறைந்த ஒரு விண்டோ திறக்கும். அஞ்ச வேண்டாம். நீங்கள் பார்ப்பதால் எதுவும் கெட்டு விடாது. அங்கும் Ctrl + F அழுத்தி title என்று தேடினால், மேலே காட்டிய தலைப்பு வரி கிடைக்கும். description என்று தேடினால் விளக்க வரி கிடைக்கும். இரண்டையும் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் இவை தனித்தனி என்பதால், நான்கு பக்கங்கள் இருந்தால் நான்கு முறை பார்க்க வேண்டும்.

படத்துக்குள் எழுதப்பட்ட எழுத்துக்களை மட்டும் இந்தத் தேடல்களை நம்பிப் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டருக்கு அது எழுத்து இல்லை, படம்தான். பக்கத்தின் மேலே ஓடும் பேனர் படங்களைக் கண்ணால்தான் படித்தாக வேண்டும். "1 கிலோ" என்பது பெரும்பாலும் அங்கேதான் தங்கி விடும்.

எல்லாம் சரி என்றால், "4 திருத்தங்களும் சரியாக உள்ளன. இந்த டிராஃப்ட்டை வெளியிடலாம்" என்று தேதியுடன் ஒரு பதில் அனுப்புங்கள். போனில் மட்டும் சொல்லி விடாதீர்கள். எந்த டிராஃப்ட்டுக்கு ஒப்புதல் தந்தோம் என்ற கேள்வி பின்னால் எழுந்தால், அந்த இ-மெயில்தான் இருவருக்கும் ஆதாரம்.

ஏற்கெனவே வெளியாகி விட்ட ஒரு வெப்சைட்டில் இப்படித் திருத்தம் செய்தால், கூகுளில் சில நாட்களுக்குப் பழைய தலைப்பே தெரியலாம். கூகுள் அந்தப் பக்கத்துக்கு மீண்டும் வந்து படித்த பிறகுதான் அது மாறும். Ctrl + U அழுத்திப் பார்த்து உள்ளே மாறியிருந்தால், வெப்சைட்காரர் தன் வேலையை முடித்து விட்டார் என்று தெரிந்து கொள்ளலாம்.